மழைநீருக்கும் குப்பைக்கும் ஒரே சுற்றறிக்கை: விதிகளும் தேதிகளும் எங்கிருந்து வருகின்றன

ஒரு குடியிருப்போர் சங்கம் இப்படி ஓர் அறிவிப்பை ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "பொதுக்குழுத் தீர்மானத்தின்படி, மொட்டை மாடி மழைநீர் முழுவதும் இனி உறைகிணறுகளுக்குத் திருப்பப்படும். இதற்கான பணிகள் ஆகஸ்ட் மாதம் தொடங்கி செப்டம்பர் 20-க்குள் முடியும். செப்டம்பர் 1 முதல் மக்கும் குப்பை, மக்காத குப்பை, சுகாதாரக் கழிவு, அபாயக் கழிவு என நான்காகப் பிரித்துத் தர வேண்டும். செப்டம்பர் 15 முதல் கலந்த குப்பை எடுக்கப்படாது."

படித்தவுடன் இரண்டு கேள்விகள் எழும். மழைநீரையும் குப்பையையும் ஏன் ஒரே தாளில் போட்டார்கள்? தேதிகள் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன? பெரும்பாலான சங்கங்கள் இந்த இரண்டுக்கும் விளக்கம் தருவதில்லை. ஆனால் குடியிருப்பவர் மனமுவந்து ஒத்துழைப்பதும், ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பழையபடி இருந்துவிடுவதும் அந்த விளக்கத்தைப் பொறுத்தே இருக்கிறது. அதனால் இந்த அறிவிப்பையே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது என்று பார்ப்போம். கட்டடம் 40 வீடுகள் கொண்டது, மொட்டை மாடி 600 சதுர மீட்டர், மழைக்காலம் அக்டோபர் நடுவில் தொடங்குகிறது என்று கொள்வோம்.

முதலில் தண்ணீர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் மற்றதெல்லாம் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் 600 சதுர மீட்டர் மாடியில் 6 லட்சம் லிட்டர் விழும். அதில் கொஞ்சம் தளத்தை நனைப்பதிலும் ஆவியாவதிலும் போய்விடும். 80 சதவீதம் கைக்கு வரும் என்று எடுத்துக்கொண்டால் 4 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர்.

பெரிய எண்ணாகத்தான் தெரிகிறது. ஆனால் 40 வீட்டில் 160 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் ஒரு நாள் செலவே 21,600 லிட்டர். ஆண்டு முழுவதும் மாடியில் விழும் மழை 22 நாள் தேவைக்குத்தான் வரும். அறிவிப்பில் இதை ஒளிக்காமல் எழுதிவிடுவது நல்லது என்பது என் கருத்து. "இனி தண்ணீர்ப் பஞ்சமே இராது" என்று எழுதிவிட்டால், அடுத்த கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும்போது முழுத் திட்டத்தின் மீதும் நம்பிக்கை போய்விடும். உண்மையான காரணம் வேறு. மாடித் தண்ணீர் வடிகால் வழியாகத் தெருவுக்குப் போனால் அது அந்த நிலத்துக்குக் கிடைக்காது. வளாகத்துக்குள்ளேயே இறங்கினால், ஆழ்துளைக் கிணறு ஆண்டு முழுவதும் எடுப்பதில் ஒரு பங்கையாவது நிலம் திரும்பப் பெறுகிறது. மழையன்று முன்வாசலில் தேங்கும் தண்ணீரும் குறைகிறது. இரண்டாவது பலன் முதல் மழையிலேயே கண்ணுக்குத் தெரியும், முதலாவதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம்.

உறைகிணறு எத்தனை, எவ்வளவு ஆழம் என்பதை ஆண்டு மழையை வைத்து முடிவு செய்வதில்லை. கொட்டித் தீர்க்கும் அந்தக் கால் மணி நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் கனமழையில் 15 நிமிடத்தில் 15 மில்லிமீட்டர் விழும். அதே 80 சதவீதக் கணக்கில், நம் மாடியிலிருந்து அந்தக் கால் மணி நேரத்தில் வருவது 7,200 லிட்டர். மண் அந்த வேகத்தில் உறிஞ்சாது. அதனால் அந்தத் தண்ணீர் காத்திருக்க ஓர் இடம் வேண்டும். ஒரு மீட்டர் விட்டமும் 5 மீட்டர் ஆழமும் உள்ள உறைகிணறு ஏறத்தாழ 3,900 லிட்டர் பிடிக்கும். அப்படி இரண்டு என்றால் 7,800 லிட்டர். அறிவிப்பில் "உறைகிணறுகள்" என்று பன்மையில் வந்திருப்பது இதனால்தான்.

செலவைக் குறைக்கிறோம் என்று பலர் உறைகிணற்றுக்குப் பதிலாக ஜல்லி நிரப்பிய குழி தோண்டுவார்கள். நீளம், அகலம், ஆழம் எல்லாம் 2 மீட்டர் என்றால் குழியின் கொள்ளளவு 8,000 லிட்டர், போதுமே என்று தோன்றும். ஆனால் ஜல்லிக்கு இடையில் உள்ள வெற்றிடம் 40 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். உண்மையில் பிடிப்பது 3,200 லிட்டர். மீதி வழிந்து, நாம் எங்கே போகக் கூடாது என்று நினைத்தோமோ அதே தெருவுக்குப் போகும். அதோடு, ஜல்லிக் குழிக்குள் சேறு சேர்ந்துவிட்டால் மொத்தத்தையும் அள்ளிக் கழுவிப் போட வேண்டும். உறைகிணற்றில் ஆள் இறங்கியோ வாளி விட்டோ அடிச்சேற்றை எடுத்துவிடலாம். ஆள் இறங்குவதாக இருந்தால் மூடியை நன்றாகத் திறந்து வைத்துக் காற்றோட்டம் விட்டு, மேலே துணைக்கு ஆள் நிற்கத்தான் இறங்க வேண்டும். தனியாக ஒருவரை இறக்கவே கூடாது.

சேறுதான் இந்த அமைப்பின் எதிரி. கிணற்றுக்கு முன்னால் வடிகட்டித் தொட்டி வைப்பது அதனால்தான். அடியில் கூழாங்கல், நடுவில் ஜல்லி, மேலே பருமணல். தண்ணீர் மேலிருந்து இறங்கும்போது மணலின் மேல் பரப்பிலேயே தூசியும் பாசியும் நின்றுவிடும். நிறைய நின்றுவிட்டால் தொட்டி அடைத்துக்கொள்ளும். அடைப்பைக் கண்டுபிடிப்பது எளிது: மழை பெய்யும்போது வடிகட்டித் தொட்டி ததும்பி நிற்கும், கிணற்றுக்குள் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். மேல் மணலை இரண்டு மூன்று அங்குலம் வழித்தெடுத்துக் கழுவிப் போட்டால் சரியாகிவிடும். இதை மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை யார் செய்வது என்று அறிவிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். கட்டுமானம் பழுதில்லாமல் இருந்தும் வேலை செய்யாமல் கிடக்கும் அமைப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேலை நடக்காததால்தான் அப்படிக் கிடக்கின்றன.

பருவத்தின் முதல் மழையைக் கிணற்றுக்குள் விடக் கூடாது என்றும் அறிவிப்பில் ஒரு வரி இருக்க வேண்டும். மாதக்கணக்கில் மாடியில் சேர்ந்த தூசி, பறவை எச்சம், இலை எல்லாம் முதல் ஒரு மில்லிமீட்டர் மழையில்தான் பெரும்பகுதி கழுவி வரும். நம் மாடிக்கு அது ஏறக்குறைய 600 லிட்டர். மாடியிலிருந்து ஆறு குழாய்கள் இறங்கினால் குழாய்க்கு 100 லிட்டர். இந்த அழுக்குத் தண்ணீரைப் பிடித்து நிறுத்த, குழாயின் அடியில் ஒரு துண்டுக் குழாயை மூடி போட்டுத் தொங்க விடும் பழக்கம் உண்டு. 110 மில்லிமீட்டர் குழாய் மீட்டருக்கு 9 லிட்டர்கூடப் பிடிக்காது. 100 லிட்டர் பிடிக்க 11 மீட்டருக்கு மேல் குழாய் வேண்டும். அரை மீட்டர் துண்டு கண்துடைப்பு. அதைவிட, குழாய்கள் சேரும் இடத்தில் ஒரு திருப்பு வால்வு வைத்து, முதல் மழையைத் தோட்டத்துக்கோ வடிகாலுக்கோ விட்டுவிட்டு, பிறகு காவலாளியோ பராமரிப்பாளரோ வால்வைத் திருப்புவது மேல். யார் திருப்புவது என்று பெயர் போட்டு எழுதாத வால்வு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே ஆண்டு முழுவதும் நிற்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லா இடத்துக்கும் உறைகிணறு பொருந்தாது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஓரிரு மீட்டரிலேயே நின்றால் கிணறு கீழிருந்தே நிரம்பிவிடும், மேலிருந்து வருவதற்கு இடமிருக்காது. அடியில் கெட்டியான களிமண் இருந்தாலும் தண்ணீர் இறங்காது. தோண்டி முடித்ததும் ஒரு சோதனை செய்துவிடலாம்: கிணற்றை நிரப்பி, குச்சியில் குறி வைத்து, மறுநாள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நாளாகியும் தண்ணீர் நிற்கிறது என்றால், இன்னும் ஆழமாகப் போய் மணல் அடுக்கைத் தொட வேண்டும். அதுவும் முடியாவிட்டால் அந்த மாடித் தண்ணீரைத் தரைத்தொட்டியில் சேமித்துத் துவைக்கவும் துடைக்கவும் பயன்படுத்துவதே சரியான வழி. தேங்கி நிற்கும் கிணறு கொசுவைத்தான் வளர்க்கும்.

இனி, இரண்டு விதிகளும் ஏன் ஒரே தாளில் வந்தன என்பதற்கு வருவோம். இதுதான் இந்த அறிவிப்பின் உயிர்நாடி என்று நினைக்கிறேன்.

குப்பை வாளிகள் வழக்கமாக எங்கே வைக்கப்படுகின்றன? தரைத்தளத்தில், வண்டி வந்து எடுக்க வசதியாக, சுற்றுச்சுவரை ஒட்டி. மழைநீர் வடிகாலும் பெரும்பாலும் அந்தச் சுவரை ஒட்டித்தான் ஓடும். கலந்த குப்பை மூடிய பையில் ஒரு நாள் கிடந்தாலே அழுகிய நீர் கசியத் தொடங்கும். அந்த நீரும் வாளி கழுவிய தண்ணீரும் தரையில் வழிந்து பக்கத்து வடிகாலுக்குப் போகும். இதுவரை அந்த வடிகால் தெருவுக்குப் போனது. இனி அது உறைகிணற்றுக்குப் போகப் போகிறது. உறைகிணற்றுக்குக் கீழே இருப்பது எல்லோரும் குளிக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். மணல் வடிகட்டி தூசியைப் பிடிக்கும். தண்ணீரில் கரைந்த அழுகல் கழிவைப் பிடிக்காது. குப்பையைச் சரிசெய்யாமல் மழைநீரை மட்டும் உள்ளே இறக்கினால், சேமிப்பு என்ற பெயரில் அழுக்கைத்தான் நிலத்துக்குள் அனுப்புகிறோம். குப்பை விதி செப்டம்பர் 1-லும், கிணற்று வேலை முடிவது செப்டம்பர் 20-லும் வைக்கப்பட்டிருப்பது இதனால்தான். வடிகாலைக் கிணற்றோடு இணைப்பதற்குள் குப்பை மூலை சுத்தமாகியிருக்க வேண்டும்.

இதே காரணத்தால் அறிவிப்பில் இன்னும் சில வரிகள் தேவைப்படும். வாளிகளைக் கழிவுநீர்க் குழாயோடு இணைந்த தொட்டியில் மட்டுமே கழுவ வேண்டும். வண்டி கழுவும் இடத்தின் தண்ணீர் மழைநீர் வடிகாலுக்குள் வரக் கூடாது, ஏனென்றால் அதில் எண்ணெயும் சோப்பும் இருக்கும். உரக்குழி வைப்பதாக இருந்தால் அது கிணறுகளை விட்டுத் தள்ளி, தரைச் சரிவின் கீழ்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். மேல்பக்கத்தில் வைத்தால் மழையில் அதன் கசிவு நேராகக் கிணற்றைத் தேடி வரும். மாடியைப் பொறுத்தவரை, மழை மாதங்களில் நீர்க்காப்புப் பூச்சு அடிக்கும் வேலையைத் தள்ளிப்போடுவது, தொட்டிச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்காமல் இருப்பது, உடைந்த நாற்காலி, பழைய மெத்தை போன்றவற்றைக் கீழே இறக்கிவிடுவது. இவையெல்லாம் தனித்தனிக் கட்டுப்பாடுகளாகப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். மாடியில் கொட்டுவது குழாயில் திரும்பி வரும் என்று புரிந்துவிட்டால் யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

குப்பைப் பிரிப்பில் அறிவிப்பு கேட்பது நான்கு பிரிவுகள். காரணம் எளிது. உலக வங்கி 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகம் முழுவதும் சேரும் நகராட்சிக் குப்பையில் உணவு மற்றும் தாவரக் கழிவு மட்டும் 44 சதவீதம், வருமானம் குறைந்த நாடுகளில் பாதிக்கு மேல். அந்தப் பங்கு ஈரமானது, கனமானது, நாறக்கூடியது. அதைத் தனியே எடுத்துவிட்டால் மீதியில் பெரும்பகுதி உலர்ந்த, விலைபோகும் பொருள். ஒரே பையில் சேர்த்தால் இரண்டும் கெடுகின்றன: குழம்பு பட்ட காகிதத்தை எந்த ஆலையும் எடுக்காது, கண்ணாடித் துண்டு கலந்த காய்கறித் தோலை உரமாக்க முடியாது.

சந்தேகம் வருவது எப்போதும் விளிம்பில் இருக்கும் பொருட்களில்தான். பால் பாக்கெட்டை ஒரு முறை அலசிக் கவிழ்த்துவிட்டால் அது மக்காத குப்பை. அலசாமல் போட்டால் இரண்டு நாளில் மூட்டை முழுதும் நாறும். கை துடைத்த எண்ணெய்க் காகிதம் மக்கும் குப்பையோடு போகலாம். உள்ளே மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசிய காகிதக் கோப்பை மக்காது. தேயிலைப் பையின் சில வகைகளில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும், அதனால் பையைக் கிழித்துத் தூளை மட்டும் மக்கும் வாளியில் போடுவது பாதுகாப்பு. நாப்கின், டயாபர், காயத்துக்குக் கட்டிய துணி ஆகியவை சுகாதாரக் கழிவு. காகிதத்தில் சுற்றி, பார்த்தவுடன் தெரியும்படி ஒரு குறி போட்டுத் தனியே தர வேண்டும், ஏனென்றால் குறி இல்லாத பொட்டலத்தை யாராவது ஒருவர் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த ஒருவர் தூய்மைப் பணியாளர். பேட்டரி, குழல் விளக்கு, காலாவதியான மருந்து, பெயின்ட் டப்பா ஆகியவை அபாயக் கழிவு. இவை அன்றாடம் சேர்வதில்லை, மாதம் ஒரு நாள் குறித்து வாங்கிக்கொண்டால் போதும். உடைந்த கண்ணாடியும் பிளேடும் கெட்டியான காகிதத்தில் சுற்றி வர வேண்டும் என்ற வரியை மட்டும் தடித்த எழுத்தில் போடலாம்.

வளாகத்திலேயே உரம் போடுவதென்றால் அளவு தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு 700 கிராம் மக்கும் குப்பை என்று கொண்டால் 40 வீட்டுக்கு நாளுக்கு 28 கிலோ. இதை மட்டும் குவித்தால் நீர் கோத்து அழுகும். ஒவ்வொரு அடுக்குக் குப்பைக்கும் ஏறத்தாழ அதே பருமனுக்குக் காய்ந்த சருகோ மரத்தூளோ போட வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு போதவில்லை, உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை, கிளறிவிட வேண்டும். மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வந்தால் சருகைக் கூட்ட வேண்டும். நன்றாக நடக்கும் குவியலின் நடுப்பகுதி கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக இருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் கருத்து, உதிரியாக, மண் வாசனையோடு உரம் கிடைக்கும். சருகு சேர்த்து வைக்க இடமோ அதைப் பார்த்துக்கொள்ள ஆளோ இல்லையென்றால் உரக்குழி போடாமல் உள்ளாட்சியின் வண்டியிடம் மக்கும் குப்பையைத் தனியே கொடுத்துவிடுவதே நல்லது. கவனிப்பில்லாத உரக்குழி ஒன்று போதும், மொத்தத் திட்டத்துக்கும் எதிர்ப்பு கிளம்ப.

அப்புறம் தேதிகள். மழைநீர்ப் பணிக்குக் கணக்கு பின்னாலிருந்து வர வேண்டும். மழை அக்டோபர் நடுவில் என்றால், கிணற்றை நிரப்பிச் சோதிக்கவும் தேவைப்பட்டால் ஆழப்படுத்தவும் மூன்று வாரமாவது முன்னால் வேலை முடிந்திருக்க வேண்டும். அதுதான் செப்டம்பர் 20. இரண்டு கிணறு தோண்டி உறை இறக்கவும், மாடிக் குழாய்களை ஒன்றாக இணைக்கவும், வடிகட்டித் தொட்டி கட்டி அது உலரவும் ஐந்தாறு வாரம் ஒதுக்கினால் ஆகஸ்டின் முதல் பாதியில் தொடங்கியாக வேண்டும். ஈர மண்ணில் கிணறு தோண்டினால் பக்கச் சுவர் சரியும், அதனால் மழை தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனைக்கே இடமில்லை.

குப்பைக்குத் தேதி வைப்பது வேறு கணக்கு. பிரித்துத் தந்ததைப் பிரித்தே எடுத்துச் செல்ல ஏற்பாடு ஆன பிறகுதான் விதி தொடங்கலாம். மக்காத குப்பையை வாரத்தில் எந்த இரண்டு நாள் யார் எடுப்பது, சுகாதாரக் கழிவு எங்கே போகும், தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் தனி வாளிகளும் வந்தனவா என்பவை ஆகஸ்டிலேயே முடிவாக வேண்டும். வீட்டில் நான்காகப் பிரித்ததை வாசலில் ஒரே வண்டியில் கொட்டுவதை ஒரு முறை பார்த்த குடும்பம் மறுபடி பிரிக்காது. செப்டம்பர் 1-க்கும் 15-க்கும் இடையிலான இரண்டு வாரம் பழகுவதற்கானது. இந்த நாட்களில் கலந்த வாளியையும் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் எது எங்கே தவறாக இருந்தது என்று ஒரு சீட்டு வாளியில் ஒட்டப்படும். 15-க்குப் பிறகு கலந்த வாளி வாசலிலேயே நிற்கும். அபராதத்தைவிட இது நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அபராதம் மாதக் கடைசியில்தான் உறைக்கும், வாளி அன்று மாலையே உறைக்கும். அபராதம் போடுவதாக இருந்தால் அதற்குச் சங்கத்தின் துணைவிதியில் இடமிருக்கிறதா என்று முதலில் பார்த்து, தொகையையும் பொதுக்குழுவில் நிறைவேற்றியிருக்க வேண்டும். செயற்குழு தானாக அறிவித்த அபராதத்தை எதிர்த்து ஒருவர் கேள்வி கேட்டாலே விதி முழுவதும் ஆட்டம் கண்டுவிடும்.

விதி தொடங்கிய பிறகு சங்கம் மூன்று விஷயங்களைக் குறித்து வைத்தால் போதும். எந்தத் தளத்திலிருந்து கலந்த வாளி வருகிறது என்று வாரம் ஒரு நாள் ஒரு குறிப்பு. ஒவ்வொரு கனமழைக்கும் பிறகு கிணற்றில் தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று ஒரு குறிப்பு. முதல் மழையில் ஆறு மணி நேரத்தில் வடிந்தது நான்காம் மழையில் ஒரு நாள் எடுத்தால், மண் நீர் கோத்திருக்கலாம், அல்லது கிணற்றின் அடியில் சேறு படிந்திருக்கலாம். ஒரு வாரம் மழையில்லாமல் இருந்த பிறகு பெய்யும் மழையில் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மூன்றாவது, ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டம். மழைக்கு முன் செப்டம்பரில் ஒரு முறை, மழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை, மோட்டாரை இரவு முழுவதும் நிறுத்திவிட்டுக் காலையில் கயிறு விட்டு அளக்க வேண்டும். பம்பு ஓடும்போது அளந்தால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. அக்கம்பக்கத்துக் கட்டடங்களும் அதே நிலத்தடி நீரைத்தான் எடுக்கின்றன என்பதால் ஓராண்டு அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூன்று நான்கு ஆண்டுகளின் செப்டம்பர் அளவுகளை அந்தந்த ஆண்டு மழையோடு சேர்த்துப் பார்த்தால்தான் மட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியும். அதனால் முதல் அளவை இந்த ஆண்டு, கிணற்று இணைப்பு கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.